மொட்டை மாடியில் புறாத் தீனி: மேல் வீட்டு ஐயாவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்

நித்யா_2ஏ

வணக்கம். சென்னையில் எட்டு வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. மூன்றாம் தளத்தில் இருக்கும் ஐயா தினமும் காலையில் பொது மொட்டை மாடியில் புறாக்களுக்குக் கம்பும் சோளமும் போடுகிறார், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. மாடி முழுவதும் எச்சம், துணி காயப்போட முடியவில்லை. அவர் எழுபது வயதைத் தாண்டியவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர். சண்டை வேண்டாம் என்பதால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

"அன்புள்ள ஐயா, நீங்கள் தினமும் மாடியில் புறாக்களுக்குத் தீனி போடுவதால் மாடி முழுவதும் அசிங்கமாகிறது. துணி காயப்போட முடியவில்லை. புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள். குடியிருப்பவர்கள் எல்லோரும் சிரமப்படுகிறார்கள். எனவே உடனடியாக நிறுத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் அசோசியேஷனில் புகார் செய்ய வேண்டியிருக்கும். இப்படிக்கு, 2ஏ."

வழக்குமன்றம்

கடிதமே தேவையில்லை சிஸ்டர். 2025ல் பாம்பே ஹைகோர்ட் புறாவுக்குத் தீனி போடக் கூடாது என்று உத்தரவு போட்டாயிற்று, சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அதைச் சொல்லி ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரே வாரத்தில் நின்றுவிடும்.

குட்டிமா

பால்கனிக்கு நைலான் வலை அடியுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அடித்த பிறகு ஒரு புறாகூட உள்ளே வரவில்லை. கண்ணி சிறியதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டால் அங்கேதான் கூடு கட்டும்.

நித்யா_2ஏ

குட்டிமா, பிரச்சினை என் பால்கனியில் இல்லை, எட்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டை மாடியில். அதற்கு வலை கட்ட முடியாது.

செயலர்_ஓய்வு

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். பாம்பே உயர்நீதிமன்றம் பேசியது மும்பை மாநகராட்சி எல்லைக்குள் புறாக்களுக்குத் தீனி போடுவதற்கென்றே இருக்கும் பொது இடங்களான கபூதர்கானாக்களைப் பற்றி. தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்களே, அந்த விவகாரம்தான். உச்சநீதிமன்றம் அந்த இடைக்கால நிலையில் தலையிட மறுத்தது, அவ்வளவுதான். நிபுணர் குழு, பொதுச் சுகாதாரம் என்று வழக்கு அதற்குப் பிறகும் ஓடியது. சென்னையில் ஒரு தனியார் குடியிருப்பின் மாடிக்கு அந்த உத்தரவு நேரடியாகப் பொருந்தாது. பொருந்தினாலும் எழுபது வயதுக்காரருக்கு முதல் காகிதமாக நோட்டீஸ் போனால் அவர் மகன் வக்கீலைப் பார்ப்பார். அப்புறம் அது புறா விஷயமாக இருக்காது.

நித்யா, கடிதம் கொடுக்கும் முன் நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழைய குடியிருப்புகள் சிலவற்றில் பில்டர் மொட்டை மாடி உரிமையை மேல் தள வீட்டுக்காரருக்கே விற்றிருப்பார். அவருடைய பத்திரத்திலோ உங்களுடையதிலோ மாடி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பொது இடம் என்றிருந்தால் பிரிக்கப்படாத பங்கில் எல்லோருக்கும் உரிமை உண்டு. "நம் மாடி" என்று தைரியமாக எழுதலாம். தனி உரிமை என்றிருந்தால் கடிதத்தின் தொனியே மாற வேண்டும், அங்கே நீங்கள் கேட்பது ஒரு உதவி.

இனி உங்கள் கடிதம். இதில் மரியாதைச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் வாக்கியங்கள் அவரைக் கூண்டில் நிறுத்துகின்றன. முதல் வாக்கியம் "நீங்கள்" என்று தொடங்கி "அசிங்கம்" என்று முடிகிறது. அவர் அதைப் புண்ணியமாக நினைத்துச் செய்கிறார். அந்த ஒரு சொல்லோடு அவர் படிப்பதை நிறுத்திவிடுவார். "உங்களுக்கே தெரிந்திருக்கும்" என்றால் தெரிந்தே செய்கிறீர்கள் என்று குத்துவது. "எல்லோரும் சிரமப்படுகிறார்கள்" என்பது அதைவிட மோசம். யார் யார் என்று அவர் மனதுக்குள் ஒவ்வொரு வீடாகக் கணக்குப் போடுவார், நாளை மாடிப்படியில் எதிர்ப்படுபவர் முகத்தையெல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பார். உங்கள் சார்பில் மட்டும் எழுதுங்கள். "இல்லையென்றால்" என்ற சொல் வந்துவிட்டால் அதற்கு முன்னால் இருக்கும் "தாழ்மையுடன்" செத்துவிடும். கடைசியில் பெயர் இல்லை, வீட்டு எண் மட்டும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரும் அப்படி எழுதமாட்டார்கள், மின்வாரியம் எழுதும்.

அவர் ஏன் போடுகிறார் என்று தெரியுமா? அது தெரியாமல் நல்ல கடிதம் எழுத முடியாது.

நித்யா_2ஏ

பத்திரத்தைப் பார்த்துவிட்டேன், பொது மாடிதான். ஏன் போடுகிறார் என்றால், அவர் அம்மா அப்பா நினைவாகத் தொடங்கியது என்று அவர் மருமகள் சொன்னார். முன்பெல்லாம் அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைப்பாராம். அந்தச் சோற்றுக்குப் புறாக்களும் வரத் தொடங்கியதும் அவற்றுக்கென்று தனியாகத் தானியம் வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறார். இப்போது தினமும் நடக்கிறது.

பறவைநாட்டம்

இது ரொம்ப உதவியான தகவல். காகத்துக்கு வைக்கும் ஒரு கவளம் சோறும் ஒரு கிலோ கம்பும் ஒன்றல்ல. சோற்றைக் காகங்கள் சில நிமிடங்களில் தூக்கிக்கொண்டு போய்விடும், மிச்சம் இருக்காது. மாடப்புறா அங்கேயே நின்று கொத்தும், தின்ற இடத்திலேயே எச்சமிடும், தின்று முடித்ததும் அதே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொள்ளும்.

அளவைப் பாருங்கள். ஒரு மாடப்புறாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் போதும். ஒரு கிலோ என்றால் முப்பது புறாக்களுக்கு மேல் முழுநாள் சாப்பாடு. உணவு தட்டாமல் கிடைத்தால் அவை ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். ஒரு ஈட்டில் இரண்டு முட்டை, சுமார் 18 நாள் அடைகாப்பு, அதற்குப் பிறகு ஒரு மாதம் போலக் குஞ்சுகள் கூட்டில் இருக்கும். முதல் ஈடு பறப்பதற்குள்ளேயே அடுத்த முட்டை வந்துவிடும். அவர் தானியத்தைக் கூட்டக் கூட்டப் பறவைகள் கூடும், பறவைகள் கூடக் கூட அவருக்குத் தானியம் போதாது என்று தோன்றும்.

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் பல ஆண்டுகள் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் பார்த்தார்கள், எண்ணிக்கை குறையவில்லை. 1988 முதல் மக்களிடம் பேசித் தீனியைக் குறைக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் சுமார் பாதியாகக் குறைந்தது. எண்ணிக்கையை முடிவு செய்வது தீனிதான். அதனால்தான் உங்கள் கடிதம் சரியான இடத்தில் கை வைக்கிறது. கூர்முள் பட்டை, பளபளப்பு ரிப்பன், பிளாஸ்டிக் ஆந்தை எதுவும் தினமும் ஒரு கிலோ கம்பு விழும் மாடியில் வேலை செய்யாது.

வழக்குமன்றம்

நோட்டீஸ் வேண்டாம் என்றால் சரி. ஆனால் நோயைக் கடிதத்தில் அழுத்திச் சொல்லுங்கள். புறா எச்சம் பட்டாலே டிபி வரும், ஆஸ்துமா வரும். இதைப் படித்தால் யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள்.

மூச்சியல்

டிபி எச்சத்தால் வருவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றில் பரவுவது. கடிதத்தில் அதை எழுதினால், அவர் குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் படித்த மாத்திரத்தில் மொத்தக் கடிதமும் நம்பிக்கை இழந்துவிடும்.

உண்மையில் இருப்பது இது. காய்ந்த எச்சத்திலிருந்தும் இறகிலிருந்தும் வரும் நுண்தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். புறா வளர்ப்பவர்களிடம் நீண்ட காலமாகப் பார்க்கப்பட்டது இது. எல்லோருக்கும் வராது. வந்தவர்களுக்கு வறட்டு இருமலும் படியேறினால் மூச்சு வாங்குவதும் மெல்லத் தொடங்கும், கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறலாம். எச்சம் சேர்ந்த இடத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து. ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவருக்குத் தூசியால் இழுப்பு கூடலாம்.

அதிகம் தூசியைச் சுவாசிப்பவர் தினமும் அந்த மாடியில் நின்று தீனி போடுபவர்தான். கடிதத்தில் உடல்நலம் வர வேண்டுமென்றால் ஒரே வாக்கியம், அதுவும் அவர் மேல் உள்ள அக்கறையாக வரட்டும். உங்கள் குழந்தையை இழுக்காதீர்கள். "என் குழந்தைக்கு நோய் வரவைக்கிறீர்கள்" என்றுதான் அது அவர் காதில் விழும்.

செங்கல்சுவர்

கட்டடம் பக்கம் யாரும் போகவில்லையே. என்னைக் கேட்டால் அந்த ஐயாவுக்குப் புரியக்கூடிய முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது.

நித்யா, மாடிக்குப் போய் மழைநீர் இறங்கும் மூலையைப் பாருங்கள், எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அந்த மூலை. அங்கே ஜாலி இருக்கிறதா? அதன் மேல் என்ன இருக்கிறது? எந்தத் தளத்துக் கூரை அதற்கு நேர் கீழே வருகிறது? மழைநீர்க் குழாய் கீழே எங்கே போய்ச் சேர்கிறது? இந்த நாலையும் எழுதுங்கள்.

நித்யா_2ஏ

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தென்மேற்கு மூலையில் ஜாலி இருக்கிறது. அதன் மேல் இறகும் எச்சமும் உமியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கெட்டியாகப் படிந்திருக்கிறது. விரலால் தள்ளினால் நகரவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொருக்கு பொருக்காகப் பெயர்கிறது. ஓரத்தில் கம்பு முளைத்திருக்கிறது! ஒரு விரல் உயரம். தட்டோடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கிலும் இரண்டு மூன்று இடத்தில் முளைத்திருக்கிறது, பிடுங்கினால் வேரோடு சேர்ந்து சாந்தும் வருகிறது. நேர் கீழே இருப்பது அவர் வீட்டுப் படுக்கையறை. மழைநீர்க் குழாய் பின்பக்கக் கிணற்றுக்குப் போகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் மோட்டார் போட்டு மேல் டேங்குக்கு ஏற்றுகிறோம், குளிக்கவும் துவைக்கவும்.

செங்கல்சுவர்

இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஜாலி அடைத்த நிலையில் ஐப்பசி மழை வந்தால் தண்ணீர் இறங்காமல் அந்த மூலையில் தேங்கும். தட்டோட்டு இடுக்கில் சாந்து ஏற்கெனவே வேரால் பெயர்ந்திருக்கிறது. தேங்கிய நீர் அந்த வழியாக அடியில் உள்ள சுண்ணாம்புத் தளத்துக்குள் இறங்கும், அங்கிருந்து கான்கிரீட்டுக்கு, அங்கிருந்து கம்பிக்கு. முதலில் அவர் படுக்கையறைக் கூரை மூலையில் பழுப்பு வட்டம் தெரியும், அப்புறம் பெயிண்ட் கொப்பளித்து உரியும். கம்பி துருப்பிடித்து உப்பினால் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக விழும். தேங்குகிறதா என்று சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த மூலையில் நாலைந்து பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் வடியவில்லை என்றால் அடைப்பு குழாய்க்குள்ளும் இறங்கிவிட்டது.

கிணறு இரண்டாவது காரணம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் நம் எல்லோர் மாடித் தண்ணீரும் ஏதாவதொரு கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. உங்கள் மாடியில் விழுந்த எச்சமெல்லாம் முதல் மழையில் கரைந்து அந்தக் கிணற்றில் இறங்கும். அதில் அவரும்தான் குளிக்கிறார்.

இந்த இரண்டையும் எழுதுங்கள். துணி காயப்போடுவதை விட்டுவிடுங்கள். அதைப் படித்தால், துணிக்காக ஒரு வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுவதா என்றுதான் அவருக்குத் தோன்றும். ஜாலியைப் போட்டோ எடுத்துக் கடிதத்தோடு இணைத்தால் இன்னும் நல்லது.

செயலர்_ஓய்வு

போட்டோ வேண்டாம் சார். காகிதத்தோடு போட்டோ வந்தால் சாட்சியம் சேர்த்த மாதிரி ஆகிவிடும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "நேரம் இருந்தால் ஒருநாள் மாடியில் அந்த மூலையைச் சேர்ந்து பார்ப்போமா ஐயா" என்று கேட்டால் போதும். அவரே முளைத்த கம்பைப் பிடுங்கிப் பார்க்கட்டும். கூரை பற்றியும் "உங்கள் கூரை ஒழுகும்" என்று எழுதாதீர்கள், சாபம் மாதிரி இருக்கும். தண்ணீர் தேங்கினால் கசிவு வரலாம் என்பதோடு நிறுத்துங்கள்.

செங்கல்சுவர்

போட்டோவில் எனக்கு உடன்பாடில்லை. எழுபது வயதுக்காரர் குனிந்து ஜாலியைப் பார்க்கமாட்டார். ஆனால் அவரைத் தெரிந்தவர் நித்யாதான், அவர் முடிவு செய்யட்டும்.

பறவைநாட்டம்

கடிதத்தில் "உடனடியாக நிறுத்துங்கள்" என்பதற்குப் பதிலாக எப்படி நிறுத்துவது என்று எழுதுங்கள். அவர் மனதில் எழும் முதல் கேள்வி, "நான் நிறுத்தினால் அவை பட்டினி கிடந்து செத்துவிடாதா" என்பதுதான். பதில் அங்கேயே இருக்க வேண்டும். நகரத்துப் புறாக்கள் ஒரே மாடியை நம்பி வாழ்வதில்லை, பல கிலோமீட்டர் பறந்து இரை தேடக்கூடியவை. மளிகைக் கடை வாசல், கோயில், சந்தை என்று பல இடம் அவற்றுக்குத் தெரியும்.

ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போட்டிருப்பதால், நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதே நேரத்துக்கு வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காத்திருக்கும். பெரும்பாலும் முயற்சி உடைவது இங்கேதான். பார்க்கும்போது மனம் கேட்காது, ஒரு கைப்பிடி போட்டுவிடுவார். எப்போதாவது ஒருநாள் கிடைக்கும் தீனி, தினமும் கிடைப்பதைவிட நம்பிக்கையை நீட்டிக்கும். மறுபடி இரண்டு வாரம் காத்திருக்கும். எனவே படிப்படியாகக் குறைப்பது நல்லது. முதல் ஐந்து நாள் அரைக் கிலோ, அடுத்த ஐந்து நாள் கால் கிலோ, அடுத்த நாலைந்து நாள் இரண்டு கைப்பிடி, பிறகு முழு நிறுத்தம். நிறுத்திய பிறகு பத்து நாளாவது அந்த நேரத்தில் அவர் மாடிக்கு வராமல் இருப்பது முக்கியம், ஏனென்றால் புறாக்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும்.

மாடியில் டேங்குக்கு அடியிலோ லிஃப்ட் அறை இடுக்கிலோ கூடு இருந்து, அதில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கை வைக்காதீர்கள். குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்து இடுக்கை அடையுங்கள். எலிமருந்து கலந்த தானியம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், செய்யக்கூடாத பாவமும்கூட.

வழக்குமன்றம்

படிப்படியாக என்றால் நடக்காது. அரைக் கிலோவில் நின்றுவிடுவார். ஒரே நாளில் நிறுத்தினால்தான் புறாவும் சீக்கிரம் வேறு இடம் பார்க்கும்.

பறவைநாட்டம்

புறாவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. திடீரென்று நிறுத்தினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. குறைத்துக்கொண்டு போவது அவருக்காக. ஆனால் முடியும் தேதி இல்லாமல் "கொஞ்சம் கொஞ்சமாக" என்று எழுதினால் அரைக் கிலோவில் நின்றுவிடும், அது உண்மை. இரண்டு வாரம் என்று கடிதத்தில் இருக்கட்டும்.

குட்டிமா

வேறு இடத்தில் போடச் சொல்லலாமே? பீச்சிலோ பூங்காவிலோ?

செயலர்_ஓய்வு

அதை எழுத வேண்டாம் அம்மா. அங்கேயும் யாருக்கோ இதே எச்சம்தான். அவராகக் கேட்டால் பேசிக்கொள்ளலாம். கடிதத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்க வேண்டும். மாடியில் தானியம் வேண்டாம், அவ்வளவே. காகத்துக்கு வைக்கும் ஒரு கவளம் சோற்றைத் தடுக்காதீர்கள், அதைத் தனியாகச் சொல்லுங்கள். அவருடைய நினைவஞ்சலியை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

அவருக்கு எதுவும் செய்யாமல் கேட்க மட்டும் செய்யாதீர்கள். மாடியைச் சுத்தம் செய்யும் செலவையும் ஏற்பாட்டையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அது அபராதம் போல அவர் தலையில் விழக் கூடாது.

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு வரைவு:

"மரியாதைக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் இரண்டாம் தளத்து நித்யா. நேரில் சொல்லத் தயங்கி இதை எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

பெற்றோர் நினைவாக நீங்கள் பறவைகளுக்கு உணவளித்து வருவதை அறிவேன். அந்த எண்ணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சமீபத்தில் மாடியில் மழைநீர் இறங்கும் தென்மேற்கு மூலையைப் பார்த்தேன். தானியமும் இறகும் எச்சமும் சேர்ந்து ஜாலியை அடைத்திருக்கிறது. தட்டோட்டு இடுக்கில் கம்பு முளைத்துச் சாந்து பெயர்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு அங்கே தண்ணீர் தேங்கினால் மேல் தளத்தில் கசிவு வரலாம் என்று கட்டட வேலை தெரிந்தவர் சொல்கிறார். மாடித் தண்ணீர் நம் கிணற்றுக்குத்தான் போகிறது என்பதும் கவலையாக இருக்கிறது. காய்ந்த எச்சத்தின் தூசி தினமும் அங்கே நிற்கும் உங்களுக்கு நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதனால் ஒரு வேண்டுகோள். மாடியில் தானியம் போடுவதை இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திக்கொள்ள முடியுமா? இப்படிக் குறைத்தால் பறவைகளுக்குத் துன்பம் இருக்காது, அவை வேறு இடங்களில் இரை தேடிக்கொள்ளும் என்று பறவைகளைப் பற்றி அறிந்தவர் உறுதியாகச் சொன்னார். காகத்துக்கு வைக்கும் சோற்றை நீங்கள் வழக்கம்போல வைக்கலாம்.

மூலையைச் சுத்தம் செய்து இடுக்குகளைப் பூசும் ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு வசதியான ஒரு மாலையில் மாடியில் சேர்ந்து பார்க்கலாமா? உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்,
நித்யா, 2ஏ"

இதைக் கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். உறையில் போட்டு மாலையில் நேரில் கொடுங்கள். கதவிடுக்கில் செருகாதீர்கள். காலைத் தீனி நேரத்திலும் அமாவாசை அன்றும் வேண்டாம். நகலைச் செயலருக்கு அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்கூட வேண்டாம். குழுவில் வந்துவிட்டால் அவர் நிறுத்த நினைத்தாலும் தோற்ற மாதிரி இருக்கும் என்பதற்காகவே நிறுத்தமாட்டார். உங்களிடம் மட்டும் தேதியோடு ஒரு பிரதி இருக்கட்டும்.

மூச்சியல்

சுத்தம் செய்யும் ஆளிடம் சொல்ல வேண்டியது: காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி முழுக்க மேலே எழும். முதலில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து கால் மணி நேரம் ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டிப் பையில் கட்ட வேண்டும். கையுறையும் என்95 முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள், துணி மாஸ்க் போதாது. பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட் சேரக் கூடாது, நச்சுவாயு வரும்.

செங்கல்சுவர்

கழுவும் முன் மழைநீர்க் குழாயின் வாயில் பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் கிணற்றுக்குத்தான் போகும். கழுவிய நீரை வாரி எடுத்துச் சாக்கடையில் விடுங்கள். முடிந்ததும் துணியை மறக்காமல் எடுங்கள். பிறகு இடுக்குகளுக்கு வாட்டர்ப்ரூஃப் கலவை சேர்த்த சிமெண்ட் சாந்து பூசி, இரண்டு மூன்று நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்குமன்றம்

கடிதம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காகச் சோற்றுக்கு அனுமதி கொடுத்தது சரியாகப் படவில்லை. புறாக்கள் வரத் தொடங்கியதே அந்தச் சோற்றுக்குத்தான் என்று நித்யாவே சொன்னார். நாளை ஒரு கவளம் ஒரு தட்டாகும்.

பறவைநாட்டம்

அந்த அபாயம் இருக்கிறது. சோற்றைத் தரையில் போடாமல் கைப்பிடிச் சுவர் மேல் இலையில் வைத்து, காகம் எடுத்ததும் இலையை எடுத்துவிட்டால் புறாக்கள் கூட வாய்ப்புக் குறைவு. ஆனால் பழகிய புறாக்கள் சோறும் தின்னும். முதல் இரண்டு வாரம் அதையும் நிறுத்தச் சொல்லலாமா என்று எனக்கும் யோசனைதான்.

செயலர்_ஓய்வு

அதைக் கேட்டால் கடிதம் தோற்கும். புறா குறைந்தால் போதும், சோற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நித்யா_2ஏ

எல்லோருக்கும் நன்றி. காகச் சோற்று வரியை அப்படியே வைத்துக்கொள்கிறேன். போட்டோ இணைக்கவில்லை, போனில் எடுத்து வைத்திருக்கிறேன், குனிய முடியாவிட்டால் காட்டுவேன். ஒரே ஒரு சந்தேகம். ஒரு மாதம் கழித்தும் நிற்கவில்லை என்றால்?

செயலர்_ஓய்வு

இரண்டாவது கடிதம் எழுதாதீர்கள், நேரில் போய் ஒருமுறை பேசுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் சங்கத்தின் பொதுக்குழுவில் பொதுவான தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெயரோ வீட்டு எண்ணோ இல்லாமல், "மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தானியம் போடுவதில்லை, மழைக்கு முன் ஜாலிகளைச் சுத்தம் செய்வது" என்று இரண்டையும் ஒரே தீர்மானமாக வையுங்கள். "பிராணிகளுக்கு உணவளிக்கக் கூடாது" என்று பொதுப்படையாக எழுதிவிடாதீர்கள். தெருநாய்களுக்கு உணவளிக்க இடம் ஒதுக்கும் பொறுப்பை மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்போர் சங்கத்திடம்தான் கொடுத்திருக்கின்றன. தீர்மானம் அதோடு மோதினால் வேறு ஒரு சண்டை தொடங்கும்.

செங்கல்சுவர்

ஜாலியைச் சுத்தம் செய்வதற்கு மட்டும் அந்த ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். பக்கெட் தண்ணீர் சோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, வடிந்ததா இல்லையா என்று இங்கே எழுதுங்கள். வடியவில்லை என்றால் பிளம்பரிடம் ராடு போட்டுக் குத்தச் சொல்வதா, கீழ் வளைவைக் கழற்றுவதா என்று பார்க்க வேண்டும்.